தொட்டுத் தொட்டுக் காத்த சங்கிலி

எண்பதுகளின் நடுவில், மலாய் நாட்டில் அசாம் ஜாவா என்ற ஊருக்கு உள்ளே தள்ளியிருந்த ஒரு தோட்டத்தில் நான் ஸ்டோர் கிராணியாக, அதாவது கிடங்குக் கணக்குப்பிள்ளையாக, இருந்தேன். உரமூட்டைகளையும் மருந்துப் பீப்பாய்களையும் எண்ணிப் பூட்டிவிட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வதுதான் வேலை. ஒரு நாளும் ஒரு மூட்டையும் களவு போனதில்லை. அதனால் காவல் காப்பதில் எனக்கு நிகர் நானே என்றொரு எண்ணம் எனக்குள் ஊறிப்போயிருந்தது. உரமூட்டையை எவனும் இடுப்பில் ஒளித்து எடுத்துப் போக மாட்டான் என்பது அப்போது தோன்றவில்லை.

அந்தச் சமயத்தில் என் மைத்துனனுக்குத் தாப்பா ரோடு என்கிற ஊரில் கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஒரே அக்காள் என் மனைவி. தாலியின் முதல் முடிச்சைத்தான் மாப்பிள்ளை போடுவான், மற்ற இரண்டும் நாத்தனார் முடிச்சு. அதாவது மணவறையில் நானூறு கண்களுக்கு முன்னால் குனிந்து நிற்கப்போகிறவள் என் மனைவி. எங்களிடம் இருந்ததோ தாலிக்கொடி ஒன்றும், ஒரு ஜோடி வளையலும், காது மூக்கில் கிடந்ததும்தான்.

பக்கத்து வீட்டு மண்டோரின், அதாவது கங்காணியின், மனைவி, நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிறவர், விஷயத்தைக் கேட்டதும் உள்ளே போய் அலமாரியைத் திறந்தார்.

"மொட்டைக் கழுத்தோட முடிச்சுப் போடுவியா? இந்தா, இதப் போட்டுக்க."

மாங்காய்ப் பதக்கம் வைத்த சங்கிலி. ஏழு பவுன். பதக்கத்தின் நடுவில் சிவப்புக் கல். வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் இது புதிதல்ல. ஒரு வீட்டுக் கல்யாணத்துக்கு நாலு வீட்டு நகை போகும். வாங்குகிறவர் சீட்டு எழுதித் தருவதில்லை, கொடுக்கிறவரும் கேட்பதில்லை. இந்தத் தடவை மட்டும் அக்கா ஒன்று சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலமே கொண்டாந்துரும்மா. திங்கக்கிழமை என் மகளுக்குப் பரிசம் போட வர்றாங்க. அது கழுத்துலயும் இதான்."

போதாதா? அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்கு முந்தின மாதம்தான் அடுத்த தோட்டத்துப் பெண் ஒருத்தி பஸ் ஏறும்போது சங்கிலியைப் பறிகொடுத்திருந்தாள். ஒரு காலைப் படியில் வைத்தாளாம், கையால் கம்பியைப் பிடித்தாளாம், பின்னாலிருந்து நெருக்கினார்களாம், உள்ளே போய் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்தபோது கழுத்தில் ஒன்றுமில்லையாம். இந்தக் கதையை நானே கடையிலும் ஆபீசிலும் கை கால் வைத்துச் சொல்லித் திரிந்தவன். என் கதையை நானே நம்பித் தூக்கம் கெட்டவனும் நான்தான்.

மனைவியிடம் சொல்லிவிட்டேன். "சங்கிலி என் கிட்டதான் இருக்கும். இதெல்லாம் ஆம்பள வேல."

"சரிங்க" என்றாள். அவள் அவ்வளவு சீக்கிரம் சரி சொன்னபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

என் திட்டம் இதுதான். பனியனின் உட்புறத்தில், இடது பக்கம் நெஞ்சுக்கு மேல், ஒரு பையை நானே தைத்துக்கொண்டேன். ஊசியில் நூல் கோக்கவே கால் மணி நேரம் ஆயிற்று. பிறகு, ரயிலில் நாங்கள் இருவரும் ஒன்றாக உட்காரக் கூடாது என்றேன். புருஷன் பெண்டாட்டி நல்ல துணி உடுத்திக்கொண்டு சேர்ந்து போனால் கல்யாணத்துக்குப் போகிறார்கள், கையில் நகை இருக்கிறது என்று திருடனுக்குத் தெரிந்துவிடுமாம்.

"நான் யாரோ, நீ யாரோ. யார் என்ன கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லிரணும். வெளங்குதா?"

"யார் கேட்டாலுமா?"

"யார் கேட்டாலும்."

"நல்லா இருக்கு லா உங்க ஐடியா" என்றாள், சிரிக்காமல்.

சனிக்கிழமை காலையில் அவள் தயாரானதைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதலில் ஒரு மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டைக் கட்டிக் கழுத்தில் போட்டு முடிச்சிட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் தாலிக்கொடியைக் கழற்றினாள். கழுத்து ஒரு நொடியும் வெறுமையாக இருக்கக் கூடாது என்பது அவள் கணக்கு. தங்க வளையலைக் கழற்றிக் கண்ணாடி வளையல். பட்டுச் சேலை பைக்கு அடியில். உடுத்தியது வீட்டில் கட்டும் நூல் சேலை, முந்தானை இரண்டு தோளையும் சுற்றி வந்து முன்னால் செருகியிருந்தது. பார்த்தால் ரவாங் பாசாருக்குக் காய்கறி வாங்கப் போகிறவள் மாதிரி.

"இப்படியா கல்யாணத்துக்குப் போறது?"

"கல்யாணம் தாப்பா ரோட்லதான? பஸ்ஸிலயா?"

என் பொறுப்பை என்னிடம் கொடுத்தாள். கைக்குட்டைத் துணியில் பொதிந்து நாலு பக்கமும் தையல் போட்டு இறுக்கிய ஒரு சிறு பொட்டலம். உள்ளே சங்கிலி கலகலத்தது. மேலிருந்து தடவினால் மாங்காய்ப் பதக்கம் விரலுக்குத் தட்டுப்பட்டது.

"பிரிக்காதீங்க. தொடாதீங்க. நீங்க அங்கன கைய வச்சுக்கிட்டே இருந்தா அங்கனதான் இருக்குன்னு ஊருக்கே தெரிஞ்சிரும்."

"எனக்கே பாடமா?" என்று நெஞ்சைத் தட்டினேன். அதுதான் முதல் தட்டல்.

கோலசிலாங்கூரிலிருந்து வந்த பஸ் ஏற்கெனவே நிறைந்திருந்தது. கூட்டம் படியில் முட்டி மோதியபோது மனைவி ஒதுங்கி நின்று, எல்லாரும் ஏறிய பிறகு, பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நிதானமாக ஏறினாள். நான் எல்லாருக்கும் முன்னால் பாய்ந்து ஏறி, யார் எந்தப் பக்கம் இடித்தாலும் நெஞ்சைத் தடவிப் பார்த்தேன். பத்தாங் பெர்ஜுந்தை தாண்டுவதற்குள் நாற்பது தடவையாவது தடவியிருப்பேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சீனக் கிழவி என்னை இரக்கத்தோடு பார்த்தாள். தன் பையைத் துழாவித் தைலப் புட்டியை எடுத்து நீட்டினாள்.

"சாக்கிட் டாடா கா?"

நெஞ்சு வலியா என்று கேட்கிறாள். இல்லை என்றால் பிறகு ஏன் தடவுகிறாய் என்று கேட்பாள். ஆமாம் என்று தலையாட்டித் தைலத்தை வாங்கிச் சட்டைக்குள் கைவிட்டுத் தேய்த்துக்கொண்டேன். அடுத்த அரைமணி நேரம் என் நெஞ்சு எரிந்தது, சங்கிலியும் தைலத்தில் மணத்தது. நாலு வரிசை முன்னால் நின்ற மனைவியின் தோள்கள் குலுங்கின. பஸ் குலுக்கல் என்றுதான் அப்போது நினைத்தேன்.

ரவாங்கில் ரயில் ஏறினோம். மூன்றாம் வகுப்பு. திட்டப்படி நான் ஒரு கோடியில், அவள் ஏழெட்டு வரிசை தள்ளி. அவள் உட்கார்ந்த இடத்தையும் கவனித்தேன். ஜன்னல் ஓரம் காலியாக இருந்தும் அங்கே உட்காராமல் உள்பக்கம் உட்கார்ந்தாள். ரயில் நகரும்போது பிளாட்பாரத்திலிருந்து ஜன்னல் வழியே கை வரும் என்று முந்தின நாள் எனக்குச் சொன்னவள் அவள். நானும் உள்பக்கம்தான். பனியனுக்குள் இருக்கிற நகையை ஜன்னல் வழியாக எவன் எடுக்கப்போகிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளவும் அப்போது தைரியமில்லை.

எனக்கு எதிரே ஒரு தம்பதி. அந்த அம்மாள் கழுத்தில் மூன்று வடம். முந்தானையால் மூடாமல், ஜன்னல் ஓரத்தில், முழங்கையை வெளியே நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இவரைத் தேடித்தான் திருடன் இந்தப் பெட்டிக்கு வரப்போகிறான், வந்தவன் என்னையும் சேர்த்து ஒரு கை பார்த்துவிட்டுப் போவான் என்று தோன்றியது. ஆகவே அந்த மூன்று வடத்தை நான் கண் கொட்டாமல் காவல் காக்க ஆரம்பித்தேன். சங்கிலியைப் பார்ப்பேன், பெட்டியின் வாசலைப் பார்ப்பேன், என் நெஞ்சைத் தடவுவேன், மறுபடி சங்கிலியைப் பார்ப்பேன்.

தஞ்சோங் மாலிமில் ரயில் நின்று புறப்பட்டபோது, இதுதான் ஆபத்தான நேரம் என்று எனக்குள் ஒரு மணி அடித்தது. பிளாட்பாரத்தில் ஒருவன் ஜன்னலை ஒட்டி நடந்து வந்தான். நான் பாய்ந்து எழுந்து அந்த அம்மாளின் கழுத்துப் பக்கமாகக் கையை நீட்டி, "அம்மா, கழுத்து! கழுத்து!" என்று கத்தினேன்.

நடந்து வந்தவன் கச்சான் கடலை விற்கிறவன்.

அந்த அம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்த பிடி இன்றைக்கும் நினைவிருக்கிறது.

"ரவாங்லேருந்து பாத்துக்கிட்டே வர்றேன்டா! என் கழுத்தையே பாக்குறான், கதவப் பாக்குறான், கழுத்தப் பாக்குறான். இப்பக் கைய நீட்டுறான்! என்னாங்க, பாத்துக்கிட்டு இருக்கீங்களே!"

அவருடைய கணவர் ஒல்லியான மனிதர். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எழுந்து, மரியாதையாகவே கேட்டார். "தம்பி, சட்டைக்குள்ள என்னா? அங்கனயே கை போவுதே?"

பெட்டி முழுவதும் எழுந்து நின்றுவிட்டது. "ஒண்ணுமில்ல சார், நெஞ்சு வலி" என்றேன். தைல வாசனை எனக்குச் சாட்சி சொல்லும் என்று நம்பினேன். அதற்குள் பின்னாலிருந்து யாரோ சட்டையை விலக்க, பனியன் பையின் தையல் பிரிந்து, பொட்டலம் என் காலடியில் விழுந்தது. என் தையலின் லட்சணம் அப்படி. அந்த அம்மாள் அதை எடுத்துத் துணியைப் பல்லால் கடித்துக் கிழித்தார். சிவப்புக் கல் பதக்கத்தோடு பெண்பிள்ளைச் சங்கிலி ஒன்று வெளியே வந்து வெயிலில் மின்னியது.

"அலாமாக்!" என்றது ஒரு மலாய்க் குரல்.

"எந்தப் பொண்ணுகிட்ட அறுத்தடா?"

"என் பொண்டாட்டியோடதுங்க! சத்தியமா! அதோ, அங்கன இருக்கா பாருங்க, அதான் என் பொண்டாட்டி!"

எல்லாத் தலையும் ஒரே நேரத்தில் திரும்பியது. மனைவி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு பக்கத்திலிருந்த பெண்ணைப் பார்த்தாள்.

"யாரு இவரு? எனக்குத் தெரியாதே" என்றாள்.

யார் கேட்டாலும் என்று சொன்னவன் நான்தானே!

"தெரியாதாம்ல! அடுத்த டேசன்ல மாத்தா போலீஸ்கிட்டப் புடிச்சிக் குடுங்க" என்றார் மூன்று வடம். அவர் கணவர் மட்டும் சங்கிலியைக் கையில் வாங்கி, எடை பார்ப்பதுபோல் உள்ளங்கையில் ஒரு குலுக்குக் குலுக்கினார். கொண்டியைத் திருப்பி நகத்தால் சுரண்டினார். அவர் ஈப்போவில் நகை செய்கிற பத்தர் என்பது பிறகு தெரிந்தது.

"இதுக்கா இவ்வளவு கூத்து? கவரிங்மா இது. பத்துமலையில தைப்பூசத்துக்குக் கடை போட்டு விப்பான். கொண்டிகிட்ட பித்தளை தெரியுது பாரு."

என்னைத் திருடன் என்றபோதுகூட நான் அவ்வளவு அரண்டுபோகவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கவரிங் என்றால் நல்லதை யாரோ மாற்றிவிட்டான். எப்போது? சீனக் கிழவியா? தைலம் தேய்க்கக் கைவிட்டபோதா? திங்கட்கிழமை பரிசம். ஏழு பவுன். அக்காவின் முகத்தில் எப்படி விழிப்பேன்?

"ஐயோ, மாத்திட்டானே! நல்லத எடுத்துக்கிட்டு இத வச்சிட்டானே! மண்டோர் வீட்டு அக்காவுக்கு நான் என்னா பதில் சொல்வேன்!"

நடிப்புக்கு இப்படி அழ முடியாது என்று பெட்டிக்குப் புரிந்திருக்க வேண்டும். மூன்று வடம் என் மணிக்கட்டை விட்டார். அப்போதுதான் மனைவி எழுந்து வந்தாள்.

"எந்திரிங்க. அந்தம்மா சேல எல்லாம் மிதிபடுது, தள்ளி நில்லுங்க. இவரு என் வீட்டுக்காரருதாம்மா. தெரியாதுன்னு சொல்லச் சொன்னாரு, சொன்னேன்." பிறகு எல்லார் காதிலும் விழும்படிச் சொன்னாள். "அது கவரிங்தான். போன தைப்பூசத்துல நான் வாங்குனது, நான்தான் தச்சுக் குடுத்தேன். ரயில்லயும் பஸ்ஸிலயும் நல்ல நகைய யாரு தூக்கிக்கிட்டு வருவா? அது வீட்டுலயே இருக்கு."

பெட்டி சிரித்த சிரிப்பில் மின்விசிறிகள் நின்றுவிட்டன என்று சொல்லலாம். அவை முதலிலிருந்தே ஓடவில்லை என்பதுதான் உண்மை. பத்தர் சங்கிலியைத் திருப்பிக் கொடுத்தார். "பத்திரமா வச்சுக்குங்க தம்பி" என்றார், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல். மூன்று வடம் மட்டும் சிரிக்கவில்லை. முழங்கையை உள்ளே இழுத்துக்கொண்டு, முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு, கணவரை ஜன்னல் ஓரத்துக்கு மாற்றினார். அவ்வளவுக்காவது நான் பயன்பட்டேன்.

எனக்கோ ஒரு பயம் போய் இன்னொரு பயம் வந்து உட்கார்ந்தது. வீட்டில் இருக்கிறதா? எங்கள் லயத்துக் கதவு, பூனை தள்ளினாலே திறக்கும் கதவு! இரண்டு நாள் ஆளில்லாத வீட்டில் ஏழு பவுனா? சரி, மணவறையில் என்னத்தைப் போடுவாள்? தாப்பா ரோடு வருகிற வரைக்கும் அவள் காதில் நான் கிசுகிசுத்துக்கொண்டே வந்தேன். அவளோ ஆரஞ்சுப் பழம் உரித்துத் தின்றாள்.

கல்யாண வீட்டில் ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் பேசினாள். "அந்தப் பக்கம் திரும்புங்க."

திரும்பினேன். ஊக்கு கழலும் சத்தம், ஒன்றல்ல, இரண்டு. திரும்பிப் பார்த்தால் கட்டிலில் பழைய சாரோங் துணியில் தைத்த சுருக்குப்பை. அதிலிருந்து தாலிக்கொடி வந்தது, வளையல் வந்தது, கடைசியில் மாங்காய்ப் பதக்கத்தோடு அக்காவின் சங்கிலியும் வந்தது. உள்பாவாடைக்கு உள்ளே நாடாவோடு சேர்த்து இரண்டு ஊக்குகளால் குறுக்கும் நெடுக்கும் குத்தி வைத்திருந்திருக்கிறாள்.

"வீட்டுல இருக்குன்னியே!"

"ரயில்ல அம்பது பேரு நிக்கிறாங்க. என் பாவாடையில இருக்குன்னு சொல்லச் சொல்றீங்களா?"

"அப்ப எனக்கு எதுக்கு அந்தக் கவரிங்?"

சங்கிலியை மாட்டிக்கொண்டே கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சொன்னாள். "உங்களால தொடாம இருக்க முடியாது. சரி, திருடன் இருந்தா உங்களயே பாக்கட்டும்னு விட்டேன். ரவாங் வரைக்கும் என்னை ஒருத்தன் திரும்பிப் பாக்கல."

நான் காவல்காரன் இல்லை. பொறியில் வைத்த கருவாடு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மைத்துனன் ஒரு முடிச்சுப் போட, அவள் குனிந்து மற்ற இரண்டையும் போட்டாள். சிவப்புக் கல் ஆடியது. சம்பந்தி வீட்டுப் பெண்கள் எத்தனை பவுன் இருக்கும் என்று கண்ணாலேயே எடை போட்டார்கள். கறிவேப்பிலையைக்கூட ஒதுக்காமல் சாப்பிட்டேன், அவ்வளவு நிம்மதி.

சாப்பிட்டதும் அவள் அதே அறைக்குப் போனாள். மஞ்சள் கயிறு, கண்ணாடி வளையல், நூல் சேலை. பட்டோடும் நகையோடும் ரயிலடி வரைக்கும் வந்து காட்டிவிட்டுப் போகலாம் என்று என் மாமியார் சொன்னதற்கு, "எல்லாரும் பாத்தாச்சும்மா" என்றாள். கவரிங்கை என் கையில் கொடுத்தாள். பனியன் பைதான் கிழிந்துவிட்டதே, சிலுவார் கால்சட்டையின் பையில் போட்டுக்கொண்டேன்.

"இன்னிக்கும் தொடணுமா?"

"உங்க இஷ்டம். உங்களுக்குத்தான் நல்லா வருதே."

உண்மை தெரிந்த பிறகு தொடுவதில் ஒரு கலை வந்துவிட்டது. ரயிலில் நாலு பேர் பார்க்கிற நேரம் பார்த்துப் பையை அமுக்குவேன். பயந்த முழி முழிப்பேன். பெருமூச்சு விடுவேன். இந்த முறை அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள், தூங்குகிறவள் மாதிரி, கை மட்டும் மடியில். அவள் கை ஒரு தடவைகூட இடுப்புப் பக்கம் போகவில்லை.

ரவாங் பஸ் நிலையத்தில் திருவிழாக் கூட்டம். ஞாயிற்றுக்கிழமை மாலை, கடைசிக்கு முந்தின பஸ். அவள் வழக்கம்போல ஒதுங்கி நின்றாள். நான் என் நடிப்பை விடாமல் கூட்டத்துக்குள் புகுந்தேன். முன்னால் ஒருவன் படியில் நின்றுகொண்டு சில்லறையைத் தேடினான். பின்னால் ஒருவன் என் தோளில் செய்தித்தாளைப் போட்டுக்கொண்டு நெருக்கினான். "பொறுமை லா, அண்ணே" என்றேன். எப்படியோ ஏறி இருவருக்கும் இடமும் பிடித்தேன். பஸ் புறப்பட்டுக் கொஞ்ச தூரம் போனதும், பழக்க தோஷம், பையைத் தொட்டேன்.

கை பைக்குள் போயிற்று. போய்க்கொண்டே இருந்தது. முழங்காலுக்கு மேலே என் தொடையை நானே தொட்டேன். சவர பிளேடால் ஒரு கோடு போட்டாற்போலச் சிலுவார் கிழிந்திருந்தது. கவரிங் போயிருந்தது.

உலகத்திலேயே களவு கொடுத்துவிட்டுச் சிரித்த ஆள் நானாகத்தான் இருப்பேன். முதலில் மெதுவாக, பிறகு அடக்க முடியாமல். மனைவி முழங்கையால் இடித்தாள்.

"என்னா?"

"போயிருச்சு" என்றேன் காதில். "எடுத்துட்டான்."

அவள் முகத்தில் ஒரு கணம், ஒரே ஒரு கணம், ரத்தம் வற்றியது. கை இடுப்புக்குப் போகப் பார்த்தது. பாதி வழியில் நிறுத்தி, முந்தானையைச் சரிசெய்வதுபோல மேலே கொண்டுபோனாள். உள்ளே பை இருப்பதை உட்கார்ந்த வாக்கிலேயே உணர்ந்திருக்க வேண்டும். மெதுவாக மூச்சு விட்டாள். அந்த இரண்டு நாளில் அவளும் பயந்துகொண்டுதான் இருந்தாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"சிரிக்காதீங்க. வீட்டுக்குப் போறவரைக்கும் அழுவுற மாதிரி இருங்க" என்றாள்.

அழுதேன். பஸ்ஸில் ஒருவர் எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

இருட்டுவதற்குள் லயத்துக்கு வந்து சேர்ந்தோம். முகம்கூடக் கழுவாமல் அவள் சங்கிலியை அக்காவின் கையில் கொடுத்தாள். மறுநாள் பரிசத்துக்கு வந்த மாப்பிள்ளையின் அம்மா, பெண்ணின் கழுத்தில் கிடந்த மாங்காய்ப் பதக்கத்தை ஒரு விரலால் தூக்கிப் பார்த்து, திருப்தியாகக் கீழே விட்டார். தாம்பூலத் தட்டு கைமாறியது. அக்கா எங்கள் பக்கம் வந்தார்.

"ரயில்லயெல்லாம் ரொம்ப மோசமாமே இப்ப. எப்படித் தம்பி இவ்வளவு பத்திரமாக் கொண்டாந்தீங்க?"

"அது வந்து அக்கா, கண்ண அங்க இங்க விடக்கூடாது" என்று ஆரம்பித்து, என்னையறியாமல் நெஞ்சைத் தட்டினேன்.

எனக்குப் பின்னால் என் மனைவிக்குத் திடீரென்று இருமல் வந்தது. வெகு நேரம் நிற்கவில்லை.